ஸ்டிக்கருக்குப் பின்னால் இருப்பவர்

"ஸ்டிக்கரை எடுத்துட்டா அடியில இருக்கறது தெரிஞ்சுதானேம்மா ஆகணும்?"

"தெரியாது சார். எத்தனை தடவை சொல்றது? இது போட்டோ. ஸ்டிக்கருக்கு அடியில ஒண்ணுமே இல்ல."

ஸ்டுடியோவில் படங்களைத் திருத்துகிறவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். மூடியிருக்கும் எதையும் திறந்து பார்த்தே முப்பது வருஷம் பிழைத்தவர். அவரிடம் போய் அடியில் ஒன்றுமில்லை என்றால் எப்படி நம்புவார்?

திரையில் அவருடைய தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். லேப்டாப்பைப் பாதி மடக்கி, அதன் மேலாக எட்டிப் பார்க்கிற சிரிப்பு. அவள் இறப்பதற்குப் பதினோரு நாள் முன்னால், அவளுடைய போனிலேயே யாரோ எடுத்தது. கண்ணாடி மாதிரி பளபளத்த கறுப்பு மூடியில் அந்த யாரோ தெரிந்தார்: நீலக் கட்டம் போட்ட சட்டை, தூக்கிய முழங்கைகள், பின்னால் ஜன்னல். கழுத்துக்கு மேலே மட்டும், மூடியில் ஒட்டியிருந்த, தூங்குகிற பூனை படம் போட்ட வட்ட ஸ்டிக்கர் ஒன்று.

"கேட்டுப் பார்த்தீங்களா சார், கூட வேலை செஞ்சவங்கள?"

"எல்லாரையும் கேட்டாச்சு. நான் எடுக்கலைங்கறாங்க." அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கெட்டுப்போன மோட்டாரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். "எங்க வீட்ல அவ இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லம்மா. சிரிக்க வச்சது யாருன்னு தெரிஞ்சா போதும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

முன்னறையில் முதலாளி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். "பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பல்லைக் காட்டாதீங்க சார், விமானத்துல ஏத்த மாட்டான்!" யாரோ சிரித்தார்கள். மெக்கானிக்கின் தலை அந்தப் பக்கம் திரும்பிவிட்டு, அப்படியே பழைய இடத்துக்கு வந்தது.

"ஸ்டிக்கரை எடுத்துத் தர்றேன். அங்க மங்கலா இருட்டா விட்டுடறேன். சரியா சார்?"

அவர் தலையாட்டினார். சரி என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா, தெரியவில்லை.

அவள் அசல் படத்தைத் தொடாமல் அதன் மேல் புதிய அடுக்கு ஒன்றைப் போட்டாள். ஸ்டிக்கரின் விளிம்பில் மெல்லிய நிழல் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டால் பூனை போனபிறகும் வட்டம் போகாது. அதனால் கொஞ்சம் அகலமாகவே வளைத்துத் தேர்ந்தெடுத்தாள். ஜன்னல் சட்டத்தின் கோடு மேலே ஓரிடத்தில் அறுந்து கீழே தொடர்ந்தது. மேலே இருந்த துண்டை நகலெடுத்துக் கோட்டின் சாய்வு மாறாமல் கீழே கொண்டுவந்து சேர்த்தாள். சட்டைக் காலரைத் தோள்பட்டையிலிருந்த துணியை வைத்து வளர்த்தாள். ஓரங்கள் சரியாக வந்தன. நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் மிச்சமிருந்தது.

அங்கேதான் கை பழக்கதோஷத்தில் வேலை செய்துவிட்டது. ஒரு நாளைக்கு நாற்பது படம் திருத்துகிறவள் நடுப்பள்ளத்துக்கு எப்போதும் தானாக நிரப்பும் பொத்தானைத்தான் அழுத்துவாள். அழுத்தினாள். பச்சைக் கோடு ஊர்ந்து போய் முடிந்தது.

பள்ளத்தில் ஒரு முகம் வந்து உட்கார்ந்திருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஆண். கண்ணாடி போட்டவர். ஒரு பக்கமாக லேசாகச் சிரித்தார்.

மெக்கானிக் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"சார், இது யாரும் இல்ல. மெஷின் கற்பனை பண்ணினது. கழுத்து இருக்கு, சட்டை இருக்கு, அதனால ஒரு தலையை வச்சிருக்கு, அவ்வளவுதான்."

நிரூபிப்பதற்காக அவள் அடுத்த மாதிரியைச் சொடுக்கினாள். அதே காலருக்கு மேலே தலைமுடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண். மறுபடி சொடுக்கினாள். முகமே இல்லை, திரைச்சீலையின் மடிப்புகள்.

"பார்த்தீங்களா? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு வரும். நூறு தடவை அழுத்தினா நூறு பேர்."

"முதல்ல வந்தவரைக் காட்டு."

"சார்..."

"காட்டும்மா."

காட்டினாள். ஏன் காட்டினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. கை தானாகப் போயிற்று. அவர் திரைக்கு வெகு அருகில் குனிந்தார். மூச்சுப்பட்டுக் கண்ணாடியில் ஆவி படிந்து மறைந்தது. துக்கமோ கோபமோ முகத்தில் தட்டுப்படவில்லை. அளவு சரிபார்க்கிறவரின் கவனம் மட்டும்.

"அவ போன அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல, கூட்டத்துக்குப் பின்னால நின்னாரு" என்றார். "யார்கிட்டயும் பேசல. செருப்பைக்கூடக் கழட்டாம நின்னுட்டு, அப்படியே போயிட்டாரு."

"இவரா இருக்க முடியாது சார். இவர் ரெண்டு நிமிஷம் முன்னாடிதான் உண்டானவர்."

"புரியுதும்மா. நீ சொல்றது எல்லாம் புரியுது."

அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, தன் மூச்சு பட்ட இடத்தைத் துடைத்தார். பிறகு அந்த முகத்தின் மேல் படாமல், அதைச் சுற்றி விரலால் ஒரு சதுரம் போட்டுக் காட்டினார்.

"இந்த அளவுக்கு இவரை மட்டும் தனியா, பெரிசா ஒரு பிரின்ட் போட்டுக் குடுத்துடும்மா."