ஜெமீல் கட்டிய குறைந்தபட்சத் தொகை

வட்டி என்ற சொல்லைக் கேட்டாலே ஜெமீல் வாய் கொப்பளிப்பார். சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியைக்கூட வருடா வருடம் பொதுக் கக்கூசு திருத்தக் கொடுத்துவிடுவார். சாய்ந்தமருதில் இரண்டு கக்கூசுகள் அவர் புண்ணியத்தில் கதவோடு நிற்கின்றன.

அப்படிப்பட்ட மனுசன்தான் கிரெடிட் காட்டில் இரண்டு லட்சத்துக்கு வாஷிங் மெஷின் வாங்கினார். சவர்க்காரத் தூள் பட்டு ஸுஹைறாவின் கை வெடித்திருந்தது. காட்டின் மாதப் பில் போட்ட மறுநாள் பார்த்து வாங்கினார். ஐம்பது நாள் தவணை கிடைக்குமாம். "கெடுவுக்கு முந்திக் கட்டினா ஒரு சதம் வட்டியில்ல புள்ள" என்று மனைவியிடம் சொன்னார். பிறகு ஃபோனில் வந்த பில்லில் 'குறைந்தபட்சம்' என்றிருந்த தொகையை மாதந்தவறாமல் கட்டினார். மற்ற வரிகளைப் படிக்கவில்லை.

ஒரு வருடம் போனது. கடன் முடிந்திருக்கும் என்ற தெம்பில் கல்முனை பேங்குக்குப் போனார்.

"ஒரு லட்சத்துச் சொச்சம் கட்டிருக்கீங்க காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் கவுண்டரில் இருந்த அஸீம். "இன்னும் ஒரு லட்சத்து நாப்பதாயிரத்துக்கு மேல கிடக்கு."

"நான் ஒரு நாளும் பிந்தல்லையே."

"ஓம். அதால தண்டப்பணம் இல்ல. முழுசாக் கட்டினாத்தான் வட்டியும் இல்ல. குறைஞ்சதைக் கட்டினா மெஷின் வாங்கின நாள்லருந்தே வட்டி ஓடும். கட்டுறதுல பாதியளவு வட்டிக்கே போகும், மிச்சம்தான் வாங்கின கடன்ல கழியும்."

"நோன்புக்கு இதே காட்டுல ஈச்சம்பழம் வாங்கினேனே, அதுக்கு?"

"பழைய பாக்கி கிடந்தா, புதுசா வாங்குறதுக்குத் தவணை இல்ல காக்கா. வாங்கின அண்டே வட்டி."

ஜெமீல் ஃபோனில் பில்லைத் திறந்து, இதுவரை படிக்காத வரிகளைப் படித்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். ஸுஹைறா எழும்பிப் போய் மெஷினின் பிளக்கைக் கழற்றி, மேலே ஒரு துப்பட்டியைப் போர்த்தினாள். இறந்தவரின் மையித்துக்குப் போர்த்துவது போல. பிறகு அழுக்குக் கூடையோடு கிணற்றடிக்கு நடந்தாள்.

ஜெமீல் பின்னாலேயே ஓடிக் கூடையைப் பிடுங்கினார்.

"கையை வெடிக்க வெக்கவா வாங்கின நான்? தள்ளு புள்ள."

சாரனை முழங்காலுக்கு மேல் கட்டித் தோய்க்கத் தொடங்கினார். முதல் நாள் அவருடைய வெள்ளைச் சட்டை நீலமாகியது. இரண்டாம் கிழமை அவர் கையும் வெடித்தது.

அன்று ஸுஹைறா அவர் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவினாள்.

"இந்த மாசம் சீட்டு எனக்குத்தான் விழுது. ஒண்டரை லட்சம். ஒரேயடியாக் கட்டி முடிங்க. நான் இன்னும் கட்டக் கிடக்கிற சீட்டுக் காசை மாசாமாசம் நீங்கதான் எனக்குத் தரோணும்."

"வளையலுக்கெண்டுதானே சேர்ந்த நீ?"

"வெடிச்ச கைக்கு என்னத்துக்கு வளையல்."

"பிந்தினா?"

"வட்டி எடுக்கமாட்டன். தோய்க்க விடுவன்."

சீட்டு விழுந்த மறுநாள் பாக்கியையும், அன்றுவரை ஓடிய வட்டியையும் அஸீம் கூட்டிச் சொல்ல, ஒரு சதம் விடாமல் கட்டிக் கிரெடிட் காட்டைக் கத்தரியால் வெட்டினார்கள். ஸுஹைறா துப்பட்டியை எடுத்தாள். அதைத்தான் முதலில் மெஷினில் போட்டாள்.

ஜெமீல் ஒரு மாதமும் பிந்தவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் தன் சாரனைத் தானே தோய்க்கிறார். கேட்டால், குறைந்தபட்சம் அதையாவது என்கிறார்.