வருவார் என்று சொல்ல ஒரு வினை

சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்து இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அங்கே ரப்பர் கம்பெனியில் குமாஸ்தாவாயிருந்த அனந்தநாராயணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவன் மனைவி ருக்கு மாதுங்காவில் அப்பா வீட்டிலிருந்து காலேஜுக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தாள். சும்மா உட்கார்ந்து அழுவதற்கு இது தேவலை என்று அப்பா சேர்த்துவிட்டார். நல்ல மனுஷர்தான். பிரெஞ்சிலும் அழவைக்கிற பாடம் உண்டென்று அவருக்கு யார் சொல்வது?

சாயங்காலம் கல்யாண் ஊரிலிருந்து மாமியார் அகிலாண்டம் வருகிறாள். பிள்ளை போய்விட்டதாகவே வைத்துக் கர்மா பண்ணிவிடலாம் என்று அங்கே முடிவாகியிருந்தது. ருக்குவின் சம்மதம்தான் பாக்கி.

மறுநாள் வாய்மொழிப் பரீட்சை வேறு. கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்துப் பெஞ்சில், உடன் படிக்கும் கோவாக்காரி ஃபிலோமினா இங்கிலீஷில் வாக்கியம் சொல்லிப் பாடம் கேட்டாள். சப்ஜங்க்டிவ் என்கிற பொல்லாத பாடம். உள்ளதைச் சொல்ல ஒரு வினை வடிவம். ஆசைக்கும் சந்தேகத்துக்கும் வேறொன்று.

"அத்தை வரணும்னு ஆசை."

"ழு சுவேத் கெல் வியென்."

"பஸ் வருமான்னு சந்தேகம்."

"ழு தூத் கில் வியென்."

"உன் கணவர் வருவார்னு நம்பிக்கை."

ருக்கு முந்தியதைப் போலவே சொன்னாள். "ழெஸ்பேர் கில் வியென்."

"தப்பு. இங்கே 'வியென்' போடக்கூடாது. போன பரீட்சையில் நானும் இதே தப்பைப் பண்ணித்தான் மார்க்கைக் கோட்டைவிட்டேன். எங்க வீட்டுப் போர்த்துகீஸில் நம்பிக்கையும் ஆசையோட சேர்த்திதான், 'எஸ்பெரு கெ எலெ வெஞா'. பிரெஞ்சில் அப்படியில்லை. நம்பறேன்னு சொல்லிட்டா, அப்புறம் நிச்சயமாப் பேசணும். 'ழெஸ்பேர் கில் வியாந்த்ரா.' வருவார்."

ருக்கு 'வியாந்த்ரா'வைச் சொல்லிப் பார்க்காமலே புத்தகத்தை மூடினாள். இரண்டு வருஷமாக 'அவர் வரணும், வரணும்' என்றுதான் வாய் முணுமுணுத்திருக்கிறது. 'வருவார்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல அவளுக்கு அவ்வளவு பயம்.

வீட்டுக்கு வந்தபோது அகிலாண்டம் கூடத்தில் காத்திருந்தாள். காப்பி தொடப்படாமல் ஆறியிருந்தது.

"பண்ணிடலாம்னு எல்லாரும் சொல்றா. நீ என்னடி சொல்றே?"

வழக்கமான 'வரணும்' நாக்கு நுனிவரை வந்தது. ருக்கு அதை விழுங்கினாள்.

"வருவார் அம்மா."

"யாராவது பார்த்தேன்னு சொன்னாளா?"

"இல்லே. நம்பறேன். நம்பினா இப்படித்தான் சொல்லணும்."

கிழவி கோபிப்பாள் என்று ருக்கு நினைத்தாள். அவளோ புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதாள்.

"என்னை ஒருத்தரும் அப்படிச் சொல்ல விடலையேடி! வாயைத் திறந்தாலே பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சுங்கறா. எங்கே, இன்னொரு தரம் சொல்லு."

"வருவார்."

"வருவான்," என்றாள் அவனைப் பெற்றவள்.