இருபத்தைந்தாம் மாதம்

டிசம்பரில் சுரங்கக் கூண்டுக்கு மாட்ட வேண்டிய இரும்புக்கயிற்றை ஆகஸ்டிலேயே மதராஸ் துறைமுகத்தில் இறக்கிவிட்டானே, அமெரிக்காக்காரனுக்கு அப்படியென்ன அவசரம்? சுரங்க ஸ்டோர் குமாஸ்தா சாம்ராஜுக்கு அது புரியவில்லை. அவசரமில்லை என்று துறைமுகத்திலேயே கிடக்கவிட்டு, அக்டோபரில்தான் அதை ரயிலில் வரவழைத்திருந்தார்.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார். புதுக்கயிறு மதராஸ் சேரவேண்டிய நாள்: 8/25/1899.

இருபத்தைந்தாம் மாதமா! எந்த ஊரில் இருக்கிறது?

மறுகணம்தான் புரிந்தது. அமெரிக்காக்காரன் மாதத்தை முன்னால் போட்டு நாளைப் பின்னால் எழுதியிருக்கிறான். அப்படியானால் மேலே இருக்கும் 9/12/1899? அந்த நாளுக்குப் பிறகு பழைய கயிற்றில் ஆள் ஏற்றக் கூடாது என்பது நிபந்தனை. இங்கிலாந்துத் துரைமார் வழக்கப்படி அதை டிசம்பர் ஒன்பது என்று படித்து, ஷாப்ட் குழிவாயில் பலகையில் எழுதச் சொன்னவர் இவரேதான். அது செப்டம்பர் பன்னிரண்டு. கெடு முடிந்து ஒரு மாதமாக ஜனங்கள் அந்தக் கயிற்றில்தான் ஏறி இறங்குகிறார்கள்.

கர்த்தரே என்று ஓடினார். கீழே பகல் ஷிப்ட். அதில் அவருடைய தம்பி ஜெயகரனும் இருந்தான். கல்தூசி தின்ற நெஞ்சு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும்.

"தொரை, கேஜை நிறுத்துங்க! தேதிய நான் தப்பா படிச்சிட்டேன்!"

இன்ஜினியர் வால்டர் காகிதத்தைப் பார்த்ததும் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் நின்றது. புதுக்கயிறு மாட்ட மறுநாள் ஆகும். கீழே வெடி வைத்தாகிவிட்டது, புகையில் யாரும் தங்க முடியாது. எல்லோரும் ஏணி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

"உன் தம்பிக்கு மட்டும் கேஜை ஒரு தடவை இறக்கட்டுமா?" என்றார் வால்டர்.

 பாவி மனுஷன் சாம்ராஜுக்கு ஆம் என்று சொல்லத்தான் வாய் துடித்தது. ஆனால் அறுந்தால்?

"வேணாம் தொரை. ஏறியே வரட்டும்."

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியில் ஜெயகரனை இரண்டு பேர் கயிறு கட்டித் தூக்கி வந்தார்கள். பாதி ஏணியிலேயே உயிர் போயிருந்தது.

மறுநாள் காலை, ஆளில்லாத கேஜில் கல்லை நிரப்பி இறக்கிப் பார்த்தார்கள். பழைய கயிறு பட்டென்று அறுந்தது. ஆண்டர்சன்பேட்டை கல்லறையில் மண் போட்ட பிறகு ஷிப்ட் ஆட்கள் சாம்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எங்க உசிரைக் காப்பாத்தின தெய்வம்யா நீங்க என்றார்கள். அவருக்கு அங்கே நிற்கவே கூசியது.

எல்லோரும் போனபின் ஜெயகரனின் மனைவி நேசமணி கிட்டே வந்தாள். அவள் கண்ணில் கோபமில்லை.

"மாமா, மொதல்லயே அந்தத் தேதிய சரியா படிச்சிருந்தா புதுக்கயிறு அப்பவே மாட்டியிருப்பாங்க. அவரும் கேஜுலயே மேல வந்திருப்பாரு. இல்லியா?"

"ஆமாம்மா" என்றார் சாம்ராஜ்.