ஆபரேட்டரின் அஜாக்கிரதை

மறைமலைநகரில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் சின்ன கம்பெனி ஒன்றில், 2003-ல் நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பெயர் ஆல்வின். தங்கமான மனுஷன் என்று பெயர் வாங்கியவன். நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒருசேர அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. ஒரு பட்டனில் மரச்சில்லைச் செருகிவிட்டால் ஒரு கை மிச்சம். ஷிஃப்டுக்கு நானூறு தகடு கூடுதலாக வரும். அதற்கு எங்கள் பெயர் ‘ஒரு கை ஓட்டம்’. மரச்சில்லு என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் செருகுவதற்கு எனக்கு மனசு வந்திருக்காது. மேனேஜர் ஜானகிராமன் சொன்னார், செய்தேன். பக்கத்து கம்பெனியில் பட்டனையே கழற்றிவிட்டார்களாம், அதற்கு நாம் தேவலை என்று தினமும் ஒரு சமாதானம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த மெஷினை ஓட்டிய லதாவுக்கு இரண்டு விரல் போனது. அவளை வேனில் ஏற்றும்போதே, ‘பேசிக்கொண்டே வேலை செய்திருப்பாள்’ என்று என் மனசு கணக்குப் போட்டது. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மேனேஜர் ரிப்போர்ட்டை நீட்டினார். ‘காரணம்: ஆபரேட்டரின் அஜாக்கிரதை.’ கையெழுத்துப் போட்டால் அவள் வேலை காலி.

“நாலு பேர் போடுற கையெழுத்துப்பா. உன் ஒருத்தன் தலைல விடியாது.”

போடாமல் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டால் நிம்மதியாகப் போடலாம் என்றுதான் போனேன்.

ஒப்புக்கொண்டாள். “என் மேலதான் சார் தப்பு. புள்ளைக்கு ஜொரம், அந்த நெனப்பாவே இருந்துட்டேன். ஒங்களுக்குத்தான் பேஜாரு.”

வந்த காரியம் முடிந்தது. ஆனால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்தத் தாய்க்கும் நினைப்பு அங்கேதான் இருக்கும். அப்படிப்பட்ட நேரத்துக்காகத்தானே இரண்டாவது பட்டன்?

“இல்ல லதா. சில்லு செருவுனது நானு. தப்பு என்னுது.”

அவள் என்னை முறைத்தாள். “தெரிஞ்சிகினே இத்தினி நாளு இன்னாத்துக்கு சார் சும்மா இருந்தே?”



திரும்பி வந்து ரிப்போர்ட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன். ‘பட்டனில் மரச்சில்லு செருகியிருந்தது. செருகியவன் ஆல்வின். செருகச் சொன்னவர் ஜானகிராமன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மேனேஜருக்கு முகம் வெளுத்தது. பிறகு குழைந்தார். “மெஷின் கோளாறுன்னு போட்டுக்கலாம்பா. அவ வேலையும் இருக்கும், உன் வேலையும் இருக்கும். யாருக்கு நஷ்டம்?”

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. மேனேஜர் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், லதாவின் மெஷினில் இன்னொரு ஆபரேட்டர் காசியம்மாள் உட்கார்ந்து ஒரே கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

“மெஷினுக்கு ஒண்ணுமில்ல சார். அது நல்லாத்தான் கீது” என்றேன். வெளியே போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.