பிரிக்காத உறைகள்

மூன்று மணிக்கு டெண்டர் பெட்டியின் வாயில் அரக்கு வைத்து மூடினேன். ஆஸ்பத்திரிக் கூரை வேலைக்கு விழுந்தவை இரண்டே உறைகள். இரண்டுமே சிமெண்டின் ஏற்பாடு என்று பியூனுக்குக்கூடத் தெரியும். சிமெண்ட் என்பது அந்தக் கான்ட்ராக்டருக்கு ஊர் வைத்த பெயர். எதையும் பூசி மறைத்துவிடுவான்.

"பிரிச்சிடலாமா அக்கா?" என்றான், என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த சிமெண்ட். அந்த 'அக்கா' ஒவ்வொரு முறையும் என் கழுத்தில் ஈரக் கை வைப்பதுபோல இருக்கும்.

அப்போது கதவு இடித்துத் திறந்தது. மூன்றாவதாக ஒரு கான்ட்ராக்டர் உள்ளே வந்து விழுந்தார். உதடு கிழிந்து தொங்கியது. ஒரு கை தோளிலிருந்து தனியாக ஆடியது. மறு கையில் உறை. அதன் ஓரமெல்லாம் ரத்தம்.

"முன்னாடியே வந்துட்டேன் மேடம். கேட்ல மறிச்சு கம்பியால அடிச்சாங்க. இதப் போட்டுடுங்க."

கணக்கர் என்னைப் பார்த்தார். சிமெண்ட் சிரித்தான். "நேரம் தாண்டிடுச்சே. ரூல் ரூல்தானே அக்கா?"

உறை என் கையில் கனத்தது. அரக்கைப் பெயர்த்து அதை உள்ளே தள்ளிவிட விரல்கள் துடித்தன. இரக்கம்தான் என்று நினைத்தேன். கொஞ்சம் உற்றுப் பார்த்தபோது அது இரக்கம் இல்லை. சிமெண்டின் முகத்தை அந்தப் பெட்டியிலேயே மோதி உடைக்கும் வெறி. என் வெறிக்காக ஒருவருக்கு நேரம் தளர்த்தினால், நாளை பாசத்துக்காக இன்னொருவருக்குத் தளர்த்தலாம்.

"வாங்க முடியாது," என்று உறையை அவரிடமே பிரிக்காமல் கொடுத்தேன்.

அவர் முகத்தில் அந்த அடி, கம்பியைவிடச் சரியாக இறங்கியது.

"ஆனா பெட்டியையும் திறக்க மாட்டேன்," என்றேன் சிமெண்டிடம். "வாசல்ல ஆள மறிச்சிருக்காங்க. எல்லாருக்கும் வழி திறந்திருந்தாத்தான் இது டெண்டர். இத ரத்து பண்ணிட்டு மறுபடி கூப்பிடுறேன். யார் விலையும் வெளிய வரல. உங்க ரெண்டு உறையும் அப்படியே திரும்பி வரும்."

"நான் அடிச்சேன்னு சாட்சி இருக்கா?"

"யார் அடிச்சதுன்னு போலீஸ் பாக்கட்டும். அடிபட்டவர் இங்க இருக்கார். அது எனக்குப் போதும்."

ரத்து செய்வதற்கான காரணத்தைக் குறிப்பில் எழுதத் தொடங்கினேன். சிமெண்ட் அந்த இரும்பு டெண்டர் பெட்டியைத் தூக்கி என் வலது கைமேல் போட்டான். விரல் எலும்பு நொறுங்கியது எனக்கே கேட்டது.

"இப்ப எழுதுடி."

'அக்கா' போய்விட்டது. வலியின் நடுவிலும் கழுத்து லேசானது.

பியூனும் கணக்கரும் அவன்மேல் பாய்ந்து அமுக்கினார்கள். சுவரில் சாய்ந்திருந்த மூன்றாமவர் என் கையைப் பார்த்தார், இரக்கப்படவில்லை.

"மறுபடி கூப்பிட்டா அன்னைக்கும் கேட்ல நிப்பானுங்க மேடம்."

"நிக்கட்டும். இனிமே பெட்டி இங்க இருக்காது. போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல வைக்கச் சொல்றேன்."

பெட்டி தரையில் கவிழ்ந்து கிடந்தது. அரக்கு உடைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். உடையவில்லை. கணக்கரிடம் பேனாவைத் தள்ளினேன்.

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."