எண்பத்து மூன்று பேர்

கொழும்பிலிருந்து சுஜாந்தி எடுத்த அழைப்பு இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆட்சேர்ப்பு நிறுவனத்தில் இருப்பவள், கதையை வளர்க்க மாட்டாள்.

"ரிஃப்கா, உங்கட சீவியில முழுக்க கந்தோர் வேலதான் இருக்கு. இந்த வேலைக்கு ஆள் கேக்கிறவங்களுக்குத் தேவை, இடம்பெயர்ந்த சனத்துக்குக் காணி விண்ணப்பம் செய்து குடுத்த அனுபவம். உங்களுக்கு அது இருக்கு, ஆனா கடைசி வரியில கிடக்கு. அத மேல கொண்டு வாங்க. எத்தின பேருக்குச் செய்தீங்க, என்ன நடந்தது எண்டு எழுதி நாலு மணிக்கு முதல் அனுப்புங்க."

சுயவிபரத்தில் அது கடைசி வரியில் கிடந்ததற்கு ரிஃப்காவேதான் காரணம். எண்ணெய் ஆலை அலுவலகத்தில் ஆறு வருடம் சம்பளத்துக்குச் செய்ததை அரைப் பக்கம் எழுதியவள், பள்ளிவாசலுக்குப் பக்கத்து அறையில் சனிக்கிழமை தோறும் ஒன்பது வருடம் செய்ததைச் 'சமூக சேவை' என்று முடித்திருந்தாள். தொண்ணூறில் போரின்போது தன் குடும்பத்தைப் போலவே மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்த சொந்தச் சனத்துக்குக் காணி மனு எழுதியதை யாராவது அனுபவம் என்பார்களா? ஆலையும் மூடிவிட்டது. இந்த வேலையும் கைநழுவினால் சவூதிதான் என்று கடவுச்சீட்டை ஏஜென்சியில் கொடுத்துவிட்டிருந்தாள். அப்படிப் போனால் உம்மாவைத் தனியே விட்டுப் போக வேண்டும்.

மனு விபரங்களை எழுதி வைத்த பழைய கொப்பிகளை விரித்து, பெயர் பெயராக எண்ணினாள். விண்ணப்பங்கள் இருநூற்றுப் பதினான்கு. காணி அனுமதிப்பத்திரம் கிடைத்தது நூற்று முப்பத்தொரு பேருக்கு. சம்பளமில்லாத வேலை, சனிக்கிழமைகளில் மட்டும் என்பதையும் மறைக்காமல் எழுதினாள். மிஞ்சிய எண்பத்து மூன்றில்தான் கை நின்றது. தோற்றுப்போனதை எந்த முட்டாள் சீவியில் போடுவான்?

"என்ன மகள், யோசிக்கிறாய்?" என்றாள் உம்மா சபூரா.

"இன்னும் கிடைக்காத ஆக்களையும் எழுதவா எண்டு பாக்கிறன், உம்மா."

"வாப்பாவும் அதுக்குள்ளயா?"

"ஓம்."

வாப்பா செய்னுலாப்தீன் தை மாதம் மௌத்தாகிவிட்டார். அவர் கண்மூடும்வரை காணிக்கடிதம் வரவேயில்லை.

"அப்ப எழுது. அவர இல்லாத ஆளாக்காத."

எழுதினாள். 'நீங்கள் கேட்டபடி காணி ஆவண அனுபவத்தை முன்னால் வைத்துள்ளேன், மற்ற விபரங்களில் மாற்றமில்லை' என்று இரண்டு வரிக் கடிதத்தோடு மூன்றரைக்கு அனுப்பினாள்.

மூன்றாம் நாள் சுஜாந்தி மறுபடி எடுத்தாள். "வியாழக்கிழமை பத்து மணிக்கு நேர்முகம். அந்த எண்பத்து மூண்டு பேருக்கும் ஏன் கிடைக்கல்ல எண்டு கட்டாயம் கேப்பாங்க. காரணங்களப் பாத்துட்டுப் போங்க."

உம்மாவிடம் சொன்னாள். வேலை எங்கே என்பதை மட்டும் இவ்வளவு நாளும் அவள் சொல்லியிருக்கவில்லை. கிடைக்காமல் போனால் உம்மா தாங்கமாட்டாள் என்ற பயம்.

"எங்க மகள் வேல?"

"மன்னார்ல."

சபூரா கதிரையில் உட்கார்ந்தாள்.

"ஊருக்குப் போறன், போறன் எண்டு வாப்பா முப்பத்தஞ்சு வருஷம் சொன்னாரு" என்றாள். "நீயாவது போ."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரிஃப்காவும் அழுதாள்.