அலமாரியின் கீழ்த்தட்டு

மாமியாரின் பழைய மர அலமாரிக்கு, பெயிண்டுக்கு முன் பூசும் பிரைமர் அடித்து இருபத்தாறு மணி நேரம் ஆகிவிட்டது. மருமகள் இன்னும் அதன் பக்கம் போகவில்லை. "நான்தான் அடிப்பேன், நீங்க பிரஷ்ஷைத் தொடக்கூடாது" என்று ஒரு மாதமாக வீறாப்பு பேசியவள், தேய்க்கும் நாளன்று மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள். தூசி பறக்காமல் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கச் சொல்லி, அங்கிருந்தே கணவனை விரட்டினாள். அவனும் முகமூடி கட்டி மொட்டைமாடியில் தேய்த்து, இரண்டு நாள் காயவிட்டு பிரைமர் அடித்தான்.

இன்று அதை மெல்லிய தாளால் லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கூப்பிட்டான்.

"மேடம், ஒரு கோட் பெயிண்டாவது அடிங்க. வாயாலேயே வேலையை முடிச்சிட்டீங்களே!"

"வாசனை ஒத்துக்கலைங்க."

"உனக்கா? பெட்ரோல் பங்க்ல மூச்சை இழுத்து இழுத்து விடுவியே!"

அவள் சிரிக்கவில்லை. அவன் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தான்.

"எங்க அம்மாவோடதுன்னு பிடிக்கலையா? சொல்லு, யாருக்காவது குடுத்துடலாம்."

அவன் விரல்நுனிகள் தேய்ந்து சிவந்திருந்தன. போன முறை அவசரப்பட்டுச் சொல்லி, பிறகு அது நிலைக்காமல் இருவரும் அழுதது போதும் என்றுதான் இத்தனை நாள் வாயை மூடியிருந்தாள்.

"குடுக்காதீங்க. பெயிண்ட் காய்ஞ்சதும் அதை மூடுற மாதிரி மேல சீலர் பூசி, வாசனை போற வரைக்கும் திறந்தே வைங்க. கீழ்த்தட்டுல மட்டும் உங்க சட்டையைத் திணிக்காதீங்க."

"ஏன், அங்க யாரு துணி?"

"பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும். அந்தத் தூசி இப்போ எனக்கு ஆகாது." அவள் படியைவிட்டு நகரவில்லை. "எனக்கு மூணாவது மாசம்."